பார் ஆழமும் உறை அறையும்: கடற்கரை வகுப்பில் குறை எண்கள்

தமிழ்நாட்டுப் பாடநூலில் ஆறாம் வகுப்பின் மூன்றாம் பருவத்தில் முழுக்கள் அறிமுகமாகின்றன; ஏழாம் வகுப்பின் முதல் பருவத்தில் அவற்றைக் கூட்டவும் கழிக்கவும் மாணவர் பழகுகின்றனர். முழுக்கள் என்பவை 1, 2, 3 எனச் செல்லும் மிகை எண்களும், பூச்சியமும், −1, −2, −3 எனச் செல்லும் குறை எண்களும் சேர்ந்த தொகுதி. அதுவரை எண் என்பது பொருள்களை எண்ணிச் சொல்லும் விடையாகவே இருந்து வந்த மாணவருக்கு, எண்ணிக் காட்ட முடியாத ஓர் எண் முதன்முதலாக இங்கேதான் எதிர்ப்படுகிறது. −3 மீன்களை எவரும் கூடையில் போட்டுக் காட்ட முடியாது. ஆகவே இப்பாடத்தைக் கற்பிப்பவரின் முதல் வேலை, எண் என்பது எண்ணிக்கையை மட்டுமன்றி ஓர் இடத்தையும் குறிக்கும், ஒரு நகர்வையும் குறிக்கும் என்பதை வகுப்பில் நிலைநாட்டுவதே ஆகும். தூத்துக்குடிக் கடற்கரையில் இவ்வேலைக்கு உதவும் பொருள்கள் ஏராளம். ஆனால் அவற்றுள் சில, உதவும் அளவுக்கு இடறவும் செய்யும். எண்கோடு, வெப்பநிலைமானி, ஒரு சீட்டு ஆட்டம் ஆகிய மூன்றையும் கொண்டு இக்கடற்கரை வகுப்புகளில் இப்பாடம் நடத்தப்படும் முறையையும், அதில் கண்ட தவறுகளையும், ஒவ்வொரு கருவியும் எதுவரை பயன்படும் என்பதையும் இங்கே விளக்கலாம்.

கடல்மட்டத்தில் ஒரு பூச்சியம்

எண்கோடு என்பது சம இடைவெளியில் புள்ளிகள் இடப்பட்ட நேர்கோடு. நடுவில் பூச்சியம், ஒரு பக்கம் மிகை எண்கள், மறுபக்கம் குறை எண்கள். முன்னே ஐந்து அடி சென்றவன் எட்டு அடி பின்னே வந்தால் அவன் புறப்பட்ட இடத்துக்கு மூன்று அடி பின்னால் நிற்பான் என்னும் எண்ணத்தை வைத்துக் குறை எண்ணுக்கு ஒரு கோட்டில் இடம் தந்தவர் ஆங்கிலேயக் கணித அறிஞர் ஜான் வாலிஸ். அவருடைய இயற்கணித நூல் 1685இல் வெளிவந்தது. பாடநூல்கள் இக்கோட்டைக் கிடையாக வரைகின்றன. தூத்துக்குடி மாணவருக்கு அதைச் செங்குத்தாக வரைந்து தொடங்குவதே இயல்பானது. ஏனெனில் திரேஸ்புரத்துச் சங்குகுளிப்போரின் வள்ளமும், அதன் கீழே அவர்கள் இறங்கும் ஆழமும் அம்மாணவரிற் பலர் கேட்டும் பார்த்தும் வளர்ந்தவை. கரும்பலகையில் மேலிருந்து கீழாக ஒரு கோடு வரைந்து, நடுவே நீர்மட்டத்தைக் குறித்து அதற்குப் பூச்சியம் எனப் பெயரிட்டு, மேலே வள்ளத்தின் பாய்மரத்தையும் கீழே பாரையும் குறித்துவிட்டால், குறை எண்களுக்கு இருப்பிடம் கிடைத்துவிடுகிறது. பார் என்பது கடலடியில் சிப்பிகள் ஒட்டி வாழும் பாறைத்திட்டு. இக்கடலின் முத்துப் பார்களிற் பல ஏறத்தாழப் பத்துப் பாக ஆழத்தில் கிடக்கின்றன. ஒரு பாகம் ஆறடி ஆதலால் அது சுமார் 18 மீட்டர். முத்துக்குளித்தல் 1961ஆம் ஆண்டோடு நின்றுபோனாலும் பாரின் ஆழத்தைப் பற்றிய பேச்சு கரையில் நிற்கவில்லை; எனவே −18 என்னும் எண் மாணவருக்கு ஓர் இடமாகவே தோன்றுகிறது.

இந்தக் கோட்டின் மேல் வகுப்பு செய்யும் முதல் கணக்கு சிறியதாக இருக்க வேண்டும். ஆனால் அதன் விடை பூச்சியத்தைக் கடந்து செல்ல வேண்டும். மூன்று மீட்டர் ஆழத்தில் இருக்கும் ஒரு கயிற்று முனையை ஐந்து மீட்டர் மேலே இழுத்தால் அது எங்கே நிற்கும் என்பது அத்தகைய கணக்கு. எழுத்தில் அது −3 + 5. விடை 2. இந்த ஒரே கணக்கை எல்லா மாணவரும் தனித்தனியே தம் ஏட்டில் எழுதிக் காட்டும்படி கேட்பது பயனுள்ளது. ஏனெனில் தவறான விடைகள் ஒவ்வொன்றும் தவற்றின் இடத்தைத் தாமே சொல்லிவிடுகின்றன. விடை 1 என எழுதியவர், புறப்பட்ட புள்ளியாகிய −3ஐயே முதலாவதாக எண்ணி −3, −2, −1, 0, 1 என ஐந்து புள்ளிகளைத் தொட்டிருக்கிறார். அவர் எண்ண வேண்டியது புள்ளிகளை அன்று, தாவல்களை. விடை 3 என எழுதியவர், −1இலிருந்து நேராக 1க்குத் தாவியிருக்கிறார். பூச்சியமும் ஓர் இடம் என்பது அவருக்கு இன்னும் உறைக்கவில்லை. விடை −8 என எழுதியவர் கோட்டைப் பார்க்கவே இல்லை. அவர் 3ஐயும் 5ஐயும் கூட்டி, முன்னே கண்ட குறியை விடைக்கும் ஒட்டிவிட்டார். இம்மூவருக்கும் தேவைப்படும் திருத்தம் வெவ்வேறு. முதலாமவர் விரலை −3இல் வைத்து, விரல் நகரும்போது மட்டும் எண்ண வேண்டும். இரண்டாமவர் கயிற்று முனை நீர்மட்டத்தைத் தொடும் கணத்தில் நிறுத்தி, அந்த இடத்தின் பெயரைச் சொல்ல வேண்டும். மூன்றாமவர் கணக்கைச் செய்வதற்கு முன் விடை நீருக்கு மேலா கீழா என்பதை மட்டும் முதலில் சொல்லப் பழக வேண்டும்.

ஆழம் கூடினால் எண் பெரியதா

கடலைக் கொண்டு கற்பிப்பதில் உள்ள இடறல் அடுத்த படியில் வெளிப்படுகிறது. −5, −18 ஆகிய இரண்டில் எது பெரியது என்று கேட்டால், கரையோர மாணவரிற் பெரும்பாலோர் தயங்காமல் −18 என்பார்கள். "ஆழம் அதுலதானே சார் கூட?" என்னும் அவர்களின் கேள்வியில் பிழையே இல்லை. ஐந்து மீட்டர் ஆழத்தைவிடப் பதினெட்டு மீட்டர் ஆழம் உண்மையாகவே பெரிது. அங்கே மூச்சடக்கிச் சென்று திரும்புவது கடினம் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அவர்கள் ஒப்பிட்டது பூச்சியத்திலிருந்து உள்ள தொலைவை; ஆசிரியர் கேட்டது கோட்டில் உள்ள வரிசையை. இவ்விரண்டும் வேறுவேறு கேள்விகள் என்பதை விளக்காமல், "குறை எண்ணில் பெரியது சிறியது ஆகும், சிறியது பெரியது ஆகும்" என்று ஒரு விதியை மட்டும் எழுதிப் போட்டால், சரியாகச் சிந்தித்த மாணவரும் தம் சிந்தனை தவறென்று கருதி, அதன்பின் விதியைச் சார்ந்தே நிற்பார்.

ஆகவே இவ்விடத்தில் ஆழம், இடம் என்னும் இரண்டையும் பிரித்து எழுத வேண்டும். பாரின் ஆழம் 18 மீட்டர். இதில் குறி இல்லை, இது தொலைவு மட்டும். பாரின் இடம் −18. இதில் தொலைவும் உண்டு, எப்பக்கம் என்பதும் உண்டு. துறைமுகத்தின் கடல் வரைபடங்களில் ஆழங்கள் குறியின்றியே அச்சிடப்படுவதற்கும் இதுவே காரணம். அங்கே எல்லா எண்களும் கீழ்நோக்கியவை என்பது முன்கூட்டியே ஒப்புக்கொள்ளப்பட்டுள்ளது. கரும்பலகையில் இரண்டு நிரல்களை இட்டு, ஒன்றில் ஆழத்தையும் மற்றதில் இடத்தையும் எழுதச் செய்து, ஆழ நிரலைப் பெரியதிலிருந்தும் இட நிரலை உயரத்திலிருந்தும் வரிசைப்படுத்தச் சொன்னால், ஒரே பொருள்கள் எதிரெதிர் வரிசையில் வந்து நிற்பதை மாணவரே காண்கின்றனர். அதன்பின் −5 > −18 என்று எழுதுவது, "−5 என்னும் இடம் −18 என்னும் இடத்துக்கு மேலே உள்ளது" என்னும் வாக்கியத்தின் சுருக்கமாகவே அவர்களுக்குப் படும். இவ்வாசகத்தை முழுமையாகச் சொல்லிப் பழகிய பின்னரே, கோட்டைக் கிடையாகத் திருப்பி, மேலே என்பது வலப்பக்கம், கீழே என்பது இடப்பக்கம் என மாற்ற வேண்டும். கோட்டைத் திருப்பும் வேலையை ஆசிரியர் வாயால் சொல்லிவிட்டுப் போகாமல், ஒரு நீண்ட காகிதப் பட்டையில் எண்களை எழுதி அதையே செங்குத்தாகப் பிடித்துப் பின் கையால் மெல்லத் திருப்பிக் காட்டினால், புதிய கோடு ஒன்று வந்துவிட்டதென்ற மயக்கம் நேராது.

உப்பும் பனிக்கட்டியும் காட்டும் எண்கள்

குறை வெப்பநிலை என்பது தூத்துக்குடி மாணவர் உடலால் அறியாத ஒன்று. அங்கே மார்கழி இரவிலும் வெப்பநிலை 20 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்குவது அரிது. உதகையின் உறைபனியைப் பற்றி நாளிதழ்களில் வரும் செய்திகள் மட்டுமே "மைனஸ்" என்னும் சொல்லை அவர்களிடம் கொண்டுவருகின்றன. ஆயினும் அந்நகரின் இரண்டு தொழில்கள் சேர்ந்தால் பூச்சியத்துக்குக் கீழ்ப்பட்ட வெப்பநிலையை வகுப்பறை மேசையிலேயே உண்டாக்க முடியும்: மீன்பிடித் துறைமுகத்தைச் சார்ந்த ஐஸ் தொழிற்சாலைகளின் பனிக்கட்டி ஒன்று, உப்பளங்களின் கல்லுப்பு மற்றொன்று.

செய்முறை இதுதான். அகன்ற கண்ணாடிக் குவளை ஒன்றில் சுமார் 300 கிராம் நொறுக்கிய பனிக்கட்டியும் 200 மில்லிலிட்டர் குளிர்ந்த நீரும் இட்டு, ஒரு மரக்குச்சியால் கிளறிக்கொண்டே பள்ளி ஆய்வக வெப்பநிலைமானியை அதில் நிறுத்த வேண்டும். அவ்வகை மானி பெரும்பாலும் −10 முதல் 110 டிகிரி வரை கோடுகள் கொண்டது. காய்ச்சல் பார்க்கும் மானியை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. அதன் அளவு 35 டிகிரிக்கு அருகில்தான் தொடங்குகிறது. சில நிமிடங்களில் மானி பூச்சியத்தில் வந்து நிற்கும். பனிக்கட்டி மிச்சமிருக்கும் வரை எவ்வளவு கிளறினாலும் அதைவிடக் கீழே இறங்காது. இந்த இடத்தில் வகுப்பு சற்றே காத்திருப்பது நல்லது. ஏனெனில் பூச்சியமே குளிரின் கடைசி எல்லை என்று மாணவர் நம்பத் தொடங்கும் வேளை இது. பிறகு 20 கிராம் உப்பைப் பொடித்துப் போட்டுக் கிளறினால், நீரில் கரைந்த உப்பு அதன் உறைநிலையைத் தாழ்த்துகிறது. பனிக்கட்டியில் ஒரு பகுதி உருகுகிறது. உருகுவதற்கு வேண்டிய வெப்பத்தைக் கலவையிலிருந்தே அது எடுத்துக்கொள்வதால் கலவை மேலும் குளிர்கிறது. மானி ஏறத்தாழ −4க்கும் −5க்கும் இடைப்பட்ட இடத்துக்கு வரும். இன்னும் 10 கிராம் சேர்த்தால் −7ஐ ஒட்டி நிற்கும்.

உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. நீரின்றிப் பனிக்கட்டியோடு மட்டும் நிறைய உப்பைக் கலந்தால் வெப்பநிலை −10ஐத் தாண்டி, −20ஐ நெருங்கும் அளவுக்கு இறங்கக்கூடும். அப்போது மானியின் நிறநீர் கோடுகளுக்குக் கீழே குமிழுக்குள் ஒடுங்கிவிடும், அளக்க எதுவும் இராது. அத்தகைய கலவையைத் தோலில் வைத்துப் பார்ப்பது புண்ணை உண்டாக்கும் என்பதால், மாணவர் கையால் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அளவைப் படிப்பதில்தான் எண்கோட்டுப் பாடம் உண்மையில் சோதிக்கப்படுகிறது. மானியில் −10, 0, 10 ஆகிய இடங்களில் மட்டுமே எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். இடையில் டிகிரிக்கு ஒரு கோடு. நிறநீர் −10க்கு மேலே மூன்றாம் கோட்டில் நிற்கும்போது பலர் −13 என்று படிக்கின்றனர். மிகைப் பக்கத்தில் 10க்கு மேலே மூன்றாம் கோடு 13 என்னும் பழக்கம் கையோடு வந்துவிடுகிறது. ஆனால் −10இலிருந்து மூன்று படி மேலே ஏறினால் −7. −13 என்பது மானிக்கு வெளியே, அதன் அடியில் இருக்க வேண்டிய இடம். "இப்பொழுது பூச்சியத்திலிருந்து எத்தனை கோடு கீழே?" என்று கேட்டுப் படிக்கச் செய்தால் இத்தவறு திருந்துகிறது. குறைப் பக்கத்தில் எப்போதும் பூச்சியத்திலிருந்து கீழ்நோக்கி எண்ணுவதும், எண்ணிய பின் −10இலிருந்து மேல்நோக்கி எண்ணிச் சரிபார்ப்பதும் பழக்கமாக வேண்டும்.

வெப்பநிலை இன்னொன்றையும் கற்றுத் தருகிறது: பூச்சியம் என்பது "ஒன்றும் இல்லை" என்னும் பொருளுடையதாக எப்போதும் இருக்க வேண்டியதில்லை. ஸ்வீடன் நாட்டு வானியலாளர் ஆண்டர்ஸ் செல்சியஸ் 1742இல் தம் அளவுகோலை முன்வைத்தபோது, நீர் கொதிக்கும் நிலைக்குப் பூச்சியம் என்றும் உறையும் நிலைக்கு 100 என்றும் பெயரிட்டிருந்தார். இன்று நாம் பயன்படுத்தும் வரிசை பின்னர்த் திருப்பி அமைக்கப்பட்டது. அவருடைய முதல் அளவுகோல் நீடித்திருந்தால் உதகையின் உறைபனி நூறைத் தாண்டிய மிகை எண்ணாக இருந்திருக்கும். கடலிலும் இதே நிலைதான்: துறைமுகத்தின் ஆழ வரைபடம் தாழ்ந்த வற்று நீரின் மட்டத்தை ஒட்டிய ஓரிடத்தைப் பூச்சியமாகக் கொள்கிறது, நிலத்தின் உயரங்களோ சராசரிக் கடல்மட்டத்திலிருந்து அளக்கப்படுகின்றன. ஒரே பாறைக்கு இரண்டு எண்கள் வருவதில் முரண் இல்லை. பூச்சியத்தை எங்கே வைத்தோம் என்பதைச் சொல்லிவிட்டால் போதும்.

இதிலிருந்து ஒரு முக்கியமான எச்சரிக்கை பிறக்கிறது. வெப்பநிலைமானி காட்டும் எண்கள் இடங்கள். இரண்டு இடங்களைக் கூட்டுவதற்குப் பொருள் இல்லை. காலையில் 3 டிகிரி, இரவில் −5 டிகிரி என்றால் இரண்டையும் கூட்டி −2 என்று எழுதுவது எதையும் குறிக்காது. −10 டிகிரி என்பது −5 டிகிரியைப் போல இருமடங்கு குளிர் என்பதும் அவ்வாறே பொருளற்றது. ஓர் இடத்தோடு ஒரு மாற்றத்தைக் கூட்டலாம். ஓர் இடத்திலிருந்து மற்றோர் இடத்தைக் கழித்து மாற்றத்தைக் காணலாம். எனவே வெப்பநிலைக் கணக்குகளை அமைக்கும் ஆசிரியர், முதல் எண் இடம், இரண்டாம் எண் நகர்வு என்னும் ஒழுங்கை விடாமல் காக்க வேண்டும்: "−5 டிகிரியில் இருந்தது, 3 டிகிரி ஏறியது."

இரண்டு இடங்களுக்கு இடைப்பட்ட வேறுபாட்டுக்கு இவ்வூரிலேயே ஓர் உண்மைக் கணக்கு இருக்கிறது. ஏற்றுமதிக்கு உறையவைத்த இறால் −18 டிகிரியிலோ அதற்குக் கீழோ வைக்கப்பட வேண்டும். துறைமுகத்தில் நிற்கும் குளிர்பதனக் கொள்கலனின் உள்ளே −18, வெளியே பகல் வெயிலில் 32 என்றால், சுவரின் இரு பக்கங்களுக்கும் வேறுபாடு எவ்வளவு? 14 என்பதே முதலில் வரும் விடை. குறியை மறந்து 32இலிருந்து 18ஐக் கழித்ததன் விளைவு அது. பட்டையில் விரலை −18இல் வைத்து மேலே ஏறச் சொன்னால், பூச்சியம் வரை 18, அங்கிருந்து 32, ஆக 50 எனக் கிடைக்கும். இதை 32 − (−18) = 50 என்று எழுதும்போது, குறை எண்ணைக் கழித்தால் கூடுதலாவது ஏன் என்பதற்கு ஒரு விடை கிடைத்துவிடுகிறது: கழித்தல் இங்கே ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு உள்ள பயணத்தை அளக்கிறது; புறப்படும் இடம் பூச்சியத்துக்குக் கீழே இருந்தால் அப்பயணம் நீள்கிறது. பாரின் இடமும் −18, இறால் அறையின் வெப்பநிலையும் −18 என்பதைச் சில மாணவர் தாமாகவே கவனிக்கின்றனர். அலகும் பூச்சியமும் வேறு. ஆனால் பாரிலிருந்து, நீர்மட்டத்துக்கு மேல் 32 மீட்டர் உயரத்தில் உள்ள ஒரு விளக்குக்குச் செல்லும் தொலைவும் அதே 50தான். சூழல் மாறினாலும் கணக்கு மாறாது என்பதை எடுத்துக்காட்ட இதைவிட நல்ல வாய்ப்பு எளிதில் அமையாது.

எடுத்துவிடும் ஆட்டம்

கோடும் மானியும் செய்ய முடியாத வேலை ஒன்று மீதமிருக்கிறது. கழித்தல் என்பதை மாணவர் முதல் வகுப்பிலிருந்து "எடுத்துவிடுதல்" என்றே அறிந்திருக்கின்றனர். −2 − (−5) என்பதில் எதை எடுத்துவிடுவது என்னும் கேள்விக்குக் கோட்டில் விடை இல்லை. அதற்காகவே சீட்டு ஆட்டம்.

பழைய அஞ்சலட்டைகளையோ சார்ட் அட்டையையோ வெட்டி 24 சீட்டுகள் செய்ய வேண்டும். +1 முதல் +6 வரை ஒவ்வொன்றிலும் இரண்டு, −1 முதல் −6 வரை ஒவ்வொன்றிலும் இரண்டு; குறைச் சீட்டுகளின் எண் சிவப்பு மையில் இருந்தால் கண்டுகொள்வது எளிது. −20 முதல் 20 வரை இரண்டு சென்டிமீட்டர் இடைவெளியில் எண்கள் குறித்த காகிதப் பட்டை ஒன்றும், ஆளுக்கொரு சோழியும், ஒரு நாணயமும் வேண்டும். நால்வர் வட்டமாக அமர்ந்து, ஆளுக்கு நான்கு சீட்டுகள் எடுத்துக்கொள்ள, மீதி எட்டும் நடுவில் கவிழ்த்து வைக்கப்படும். ஒவ்வொருவரும் தம் கையிலுள்ள சீட்டுகளின் கூட்டுத்தொகையைக் கண்டு சோழியை அந்த இடத்தில் வைப்பர். முறை வரும்போது நாணயத்தைச் சுண்ட வேண்டும். தலை விழுந்தால் நடுவிலிருந்து ஒரு சீட்டை எடுத்துச் சேர்த்துக்கொள்ள வேண்டும், அது கூட்டல். பூ விழுந்தால், வலப்பக்கம் இருப்பவர் சுண்டியவரின் கையிலிருந்து பார்க்காமல் ஒரு சீட்டை உருவி, நடுக்கட்டின் அடியில் செருகிவிடுவார், அது கழித்தல். ஆறு சுற்றுக்குப் பின் எவர் சோழி மிக உயரத்தில் இருக்கிறதோ அவர் வென்றவர். இருவர் சோழிகளும் பூச்சியத்துக்குக் கீழே இருந்தால் −4 வென்றதா −9 வென்றதா என்னும் வாதம் தானே எழும்; முன்பு கற்ற வரிசைக்கு அது மீள்பயிற்சி.

ஆட்டத்தின் உயிர் ஒரு விதியில் இருக்கிறது: சோழியை நகர்த்துமுன் அந்த நகர்வை ஏட்டில் கணக்காக எழுத வேண்டும். ஒரு மாணவியின் கையில் +4, −3, −5, +2 இருக்கின்றன என்று கொள்வோம். மிகைச் சீட்டுகள் சேர்ந்து 6, குறைச் சீட்டுகள் சேர்ந்து −8. ஆகவே அவள் சோழி −2இல் நிற்கிறது. பூ விழுகிறது. வலப்பக்கத்துத் தோழி உருவிய சீட்டு −5. மாணவி −2 − (−5) என எழுதுகிறாள். ஆனால் கழித்தல் என்றாலே கீழே என்னும் பழக்கத்தால் சோழியை ஐந்து படி கீழே இறக்கி −7இல் வைக்கிறாள். அப்போது அவளைத் திருத்த ஆசிரியர் வர வேண்டியதில்லை. கையில் மீந்திருப்பவை +4, −3, +2. அவற்றைக் கூட்டினால் 3. சோழி −7இல், சீட்டுகள் 3இல். இரண்டில் ஒன்று தவறு. சீட்டுகள் கண்முன் கிடப்பதால் தவறியது சோழிதான் என்பது விளங்குகிறது. அவளைக் கீழே இழுத்துக்கொண்டிருந்த −5 போய்விட்டது, எனவே அவள் ஐந்து படி உயர்ந்தாள்: −2 − (−5) = 3. "கெட்ட சீட்டு போச்சுன்னா நமக்கு நல்லதுதானே" என்று உடன் ஆடுவோர் சொல்லும் விளக்கமே அவ்விதியின் காரணம்.

இக்காரணம் மிகப் பழமையானது. பிரம்மகுப்தர் பொ.ஆ. 628இல் இயற்றிய நூலில் மிகை எண்ணைச் செல்வம் என்றும் குறை எண்ணைக் கடன் என்றும் வழங்கி, பூச்சியத்திலிருந்து கடனைக் கழித்தால் செல்வம் ஆகும் என்னும் விதியையும் தந்தார். ஆட்டத்தில் அதை நேரே காட்டலாம். கையில் +5உம் −5உம் மட்டும் இருக்கும்போது சோழி பூச்சியத்தில் நிற்கும்; −5ஐ எவரேனும் உருவிக்கொண்டால் மிஞ்சுவது 5, அதாவது 0 − (−5) = 5. சேர்ந்து பூச்சியமாகும் இத்தகைய இணையில் ஒவ்வொன்றும் மற்றதன் எதிரெண் எனப்படும். ஒரு சீட்டை எடுத்துவிடுவதும் அதன் எதிரெண்ணைக் கையில் சேர்ப்பதும் சோழியை ஒரே இடத்துக்குத்தான் கொண்டுசெல்கின்றன என்பதைச் சில சுற்றுகளிலேயே மாணவர் கண்டுவிடுகின்றனர். ஏழாம் வகுப்புப் பாடநூல் கழித்தலைக் கூட்டலாக மாற்றி எழுதச் சொல்லும் முறைக்கு இதுவே அடிப்படை.

ஆட்டத்திலும் கவனிக்க வேண்டிய குறைகள் உண்டு. விரைவாக ஆடும் மாணவர் கணக்கை எழுதாமல் மீந்த சீட்டுகளை மட்டும் கூட்டிச் சோழியை வைத்துவிடுவர். அவர்கள் விடை எப்போதும் சரியாக இருக்கும், ஆனால் கழித்தலைப் பற்றி அவர்கள் எதுவும் கற்றிருக்க மாட்டார்கள். ஏட்டைப் பார்த்தால் மட்டுமே இது தெரியவரும். இன்னொன்று, "இரண்டு மைனஸ் சேர்ந்தால் பிளஸ்" என்னும் வாய்ப்பாடு. வீட்டிலோ தனிப்பயிற்சியிலோ அதை முன்பே கேட்டு வந்தவர்கள் −3 − 5 என்பதையும் 8 என்று எழுதிவிடுவர், இரண்டு குறிகள் கண்ணில் படுகின்றன என்பதற்காக. இங்கே முதற்குறி −3 என்னும் இடத்தின் பெயரில் அடங்கியது. இரண்டாம் குறி எடுத்துவிடச் சொல்லும் செயல். எடுக்கப்படும் சீட்டு +5. மிகைச் சீட்டை இழந்தவரின் சோழி இறங்கத்தான் வேண்டும்: −3 − (+5) = −8. கணக்கில் உள்ள ஒவ்வொரு குறியையும் சுட்டி, அது இடத்தின் குறியா, செயலின் குறியா என்று கேட்டுப் பதில் பெற்றால் அவ்வாய்ப்பாடு தவறான இடத்தில் புகுவது நின்றுவிடும். இதற்காகவே தொடக்கத்தில் சில வாரங்கள் மிகை எண்களுக்கும் + குறியிட்டு, எண்ணை அதன் குறியோடு அடைப்புக்குள் எழுதுவது நல்லது. குறிகளின் வேறுபாடு பழகிய பின் அடைப்பைக் கைவிடலாம்.

மூன்றும் முடியும் இடம்

மேற்சொன்ன மூன்றும் கூட்டல், கழித்தல், ஒப்பிடல் ஆகியவற்றுக்குப் போதும். பெருக்கலிலும் ஓரளவு இவை உதவும்: −4 சீட்டை மூன்று முறை பெற்றால் −12 என்பதால் 3 × (−4) விளங்கும். −3 × (−4) என்பதற்கு, −4 சீட்டை மூன்று முறை இழத்தல் என்று பொருள்கொண்டு 12 எனக் காட்ட முடியும் என்றாலும், முன்னே நிற்கும் −3ஐ "இழக்கும் முறைகள்" என்று படிப்பது நாம் அமைத்துக்கொண்ட வழக்கமே அன்றி ஆட்டத்திலிருந்து தானாக வருவதன்று. வெப்பநிலையை வெப்பநிலையால் பெருக்குவதற்கோ பொருளே இல்லை. ஆகவே பெருக்கலுக்கு வரும்போது 3 × (−4) = −12, 2 × (−4) = −8, 1 × (−4) = −4, 0 × (−4) = 0 என விடை நான்கு நான்காக ஏறிவரும் ஒழுங்கை எழுதி, அதே ஒழுங்கைத் தொடர்ந்தால் −1 × (−4) = 4 ஆகும் என்று காட்டுவதே நேர்மையான வழி. அங்கே மாணவர் கடலையும் குளிரையும் விட்டு எண்களின் ஒழுங்கை மட்டும் நம்பி நடக்கத் தொடங்குகின்றனர்.

அதற்கு முன் இப்பாடம் பதிந்ததா என்பதை அறிய, விடை காணும் கணக்குகளைக் காட்டிலும் கதை எழுதச் சொல்லும் வினா பயன்படுகிறது. −6 + 4, −6 − 4, −6 − (−4) ஆகிய மூன்றையும் தந்து, ஒவ்வொன்றுக்கும் கடலிலோ குளிர் அறையிலோ சீட்டிலோ ஒரு நிகழ்ச்சி எழுதச் சொல்ல வேண்டும். முதல் இரண்டுக்கும் பெரும்பாலோர் ஏறுதல், இறங்குதல் என எழுதிவிடுவர். மூன்றாவதற்கு ஒரு மாணவர் −4 சீட்டை இழந்தவரைப் பற்றியோ, −4 டிகிரி அறையிலிருந்து −6 டிகிரி அறைக்கு மாற்றப்பட்ட இறால் பெட்டி 2 டிகிரி குளிர்ந்ததைப் பற்றியோ எழுதி, இரண்டு வழியிலும் விடை −2 என்று காட்டினால், அவருக்குக் குறை எண் இடமாகவும் நகர்வாகவும் விளங்கிவிட்டது. விடையை மட்டும் சரியாக எழுதி, கதையில் "−6இலிருந்து 4 இறங்கியது" என்று எழுதியவருக்கு விதி தெரியும், பொருள் தெரியாது. அவரை அடுத்த அலகுக்கு அனுப்பும் முன் இன்னும் சில சுற்று ஆட்டத்துக்கு அழைப்பதே ஆசிரியர் செய்ய வேண்டியது.